பனியன் கம்பெனியில் செல்போன் தடை: 500 ரூபாய் அபராதம் போடலாமா? நோட்டீஸ் வரைவைக் கொஞ்சம் பாருங்கள்

நூல்கண்டு:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்க்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 140 பேர். அதில் முப்பது பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள், கம்பெனி விடுதியில் தங்கியிருப்பவர்கள். சங்கம் எதுவும் இல்லை. ஒர்க்ஸ் கமிட்டி இருக்கிறது, பெரும்பாலும் ஃபைலில்தான்.

போன மாதம் ரெண்டு விஷயம் நடந்தது. செக்கிங்கில் ஒரு பெண் மதிய இடைவேளையில் ரீல்ஸ் எடுத்துப் போட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் தொங்கியது அடுத்த சீசனுக்கான சாம்பிள், லேபிளோடு. பையரின் ஆபீஸிலிருந்து அந்த வீடியோவையே எங்களுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார்கள். ரெண்டாவது, கட்டிங்கில் ஒரு பையன் காதில் இயர்பட்ஸோடு கத்தி மெஷினில் நின்றிருக்கிறான். மாஸ்டர் மூன்று முறை கூப்பிட்டும் அவன் காதில் விழவில்லை.

முதலாளி கொதித்துப்போய் திங்கட்கிழமையே நோட்டீஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது:

> 1. ஷிப்ட் தொடங்கும் முன் அனைவரும் செல்போனை கேட்டில் உள்ள பெட்டியில் ஒப்படைக்க வேண்டும். விடுதியில் இரவு 9 மணிக்கு மேல் வார்டனிடம் ஒப்படைக்க வேண்டும்.
> 2. உள்ளே போன் வைத்திருந்தால் முதல் முறை ரூ.500, இரண்டாம் முறை ரூ.1,000 அபராதம். மூன்றாம் முறை வேலை நீக்கம்.
> 3. சந்தேகம் இருந்தால் போனை வாங்கிப் பரிசோதிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.
> 4. கம்பெனி பற்றி எந்தச் சமூக ஊடகத்திலும் எதுவும் பதிவிடக் கூடாது.

படித்ததும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் எங்கே தப்பு என்று அவரிடம் எடுத்துச் சொல்லக் கையில் சரக்கு இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காங்கயம்காளை:

நான் 25 மெஷின் வைத்து பவர்டேபிள் ஓட்டுகிறவன். பெட்டி கதையைக் கேளுங்கள். வைத்த முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காகப் போட்டார்கள். அப்புறம் பார்த்தால் பெட்டியில் கிடப்பதெல்லாம் டிஸ்பிளே போன பழைய செட்டு, பட்டன் இல்லாத செட்டு. நல்ல போன் இடுப்பில் சௌக்கியமாக இருக்கிறது. ஒருநாள் ரிங்டோன் கேட்டுப் பிடித்தால், "அண்ணா, இது என் தங்கச்சி போனு" என்கிறான். போதாக்குறைக்கு, பெட்டியில் போட்ட ஒரு போனின் கண்ணாடி உடைந்து, அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

பெட்டி எல்லாம் வேலைக்கு ஆகாது. அபராதம் மட்டும்தான் உறைக்கும். நான் மாட்டினால் 100 ரூபாய் வாங்குகிறேன். அந்தக் காசை நான் தின்பதில்லை, ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல், ஸ்வீட் என்று அவர்களுக்கே போய்விடும். 500 கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போடுங்கள்.

குமாஸ்தா77:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? வேலை நேரத்தில் சொந்த உபயோகத்துக்கு செல்போன் கூடாது என்று ஹைகோர்ட் மதுரைக் கிளையே 2022-இல் சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அப்போது சுற்றறிக்கை வந்து கையெழுத்தெல்லாம் வாங்கினார்கள். ஒரு மாதம் எல்லோரும் டிராயரில் வைத்தோம். அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் போடுங்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது.

பழையகோப்பு:

தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குமாஸ்தா சார் சொல்லும் தீர்ப்பு உண்மை. 2022 மார்ச்சில் நீதியரசர் எஸ்.எம்.சுப்பிரமணியம் சொன்னது. ஆனால் அந்த வழக்கு திருச்சியில் சுகாதாரத் துறையின் பணிமனை ஒன்றில் வேலை பார்த்த அரசு ஊழியரைப் பற்றியது. சக ஊழியர்களை அலுவலகத்துக்குள் வீடியோ எடுத்தார் என்று அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், அதை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். அரசு ஊழியர்களுக்கு விதிமுறை கொண்டுவரச் சொல்லி அரசுக்குத்தான் அதில் உத்தரவு. பனியன் கம்பெனி நோட்டீஸில் அதைக் கொண்டுவந்து ஒட்டினால் பயமுறுத்தலாம், அவ்வளவுதான். நோட்டீஸுக்குச் சட்ட பலம் வந்துவிடாது.

தடை போடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மெஷின் ஓடும் இடத்தில் வேலை நேரத்தில் போன் கூடாது என்பது நியாயமான உத்தரவு. எந்த அதிகாரியும் அதைத் தப்பு சொல்ல மாட்டார். உங்கள் வரைவு இடிப்பது அபராதத்தில்தான்.

பழைய 1936 ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் 8-ஆம் பிரிவு என்று இருந்தது. இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் 19-ஆம் பிரிவு. ரெண்டிலும் சாரம் ஒன்றே. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பதை எழுதி, அதற்கு அரசிடமோ அதிகாரம் பெற்ற அதிகாரியிடமோ முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, நோட்டீஸாக ஒட்டியிருக்க வேண்டும். போடுவதற்கு முன் அந்த ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டும். 90 நாளுக்கு மேல் வசூலிக்கக் கூடாது, தவணையிலும் பிடிக்கக் கூடாது. பிடித்த காசைப் பதிவேட்டில் எழுதி, ஒப்புதல் பெற்ற வகையில் தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். (காங்கயம்காளையின் சுண்டல் கணக்கு, பதிவேடும் ஒப்புதலும் இல்லை என்பதைத் தவிர, நான் பார்த்த பல பெரிய கம்பெனிகளை விடச் சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.)

எல்லாவற்றுக்கும் மேலே உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. ஒரு சம்பளக் காலத்தில் ஓர் ஆளுக்குப் போடும் மொத்த அபராதம், அந்தக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திருப்பூரில் சம்பளம் வாரா வாரம் சனிக்கிழமைதானே? அப்படியென்றால் உங்கள் சம்பளக் காலம் ஒரு வாரம். ஷிப்டுக்கு 600 ரூபாய் வாங்கும் ஆள் ஆறு ஷிப்ட் பார்த்தால் 3,600. அதில் 3 சதவீதம் 108 ரூபாய். ஒப்புதல் எல்லாம் முறையாக வாங்கியிருந்தாலும் அந்த வாரம் அவரிடம் 108-க்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்க முடியாது. 500, 1,000 என்று எழுதி ஒட்டினால், உங்கள் கம்பெனி சட்டத்தை மீறுகிறது என்று நீங்களே கையெழுத்துப் போட்டு சுவரில் மாட்டுகிறீர்கள்.

காங்கயம்காளை:

108 ரூபாயா! அய்யா, அதைவிட என் 100 ரூபாய் கரெக்டாக இருக்கிறதே. சரி, அபராதம் என்று எழுதாமல் "அரை ஷிப்ட் கட்" என்று போட்டால்?

பழையகோப்பு:

அது இன்னும் மோசம். வேலைக்கு வராத நேரத்துக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம், அதுவும் வராத நேரத்தின் அளவுக்கு மட்டும். பத்து நிமிடம் போன் பேசியவருக்கு அரை ஷிப்ட் வெட்டினால், மீதிப் பிடித்தம் வேறு பெயரில் வரும் அபராதம்தான்.

ஓவர்லாக்_சரசு:

நான் மெஷினில் உட்காருகிற பக்கம். பதினோரு வருஷமாக ஓவர்லாக். எல்லோரும் முதலாளி பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் பழைய கம்பெனியிலும் பெட்டி இருந்தது. ஒருநாள் என் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் வாந்தி, காய்ச்சல். டீச்சர் என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார், அது பெட்டியில் கிடக்கிறது. பிறகு கம்பெனி நம்பருக்கு அடித்திருக்கிறார். ஆபீஸில் எடுத்தவர் "எந்த சரஸ்வதி? இங்கே நாலு சரஸ்வதி" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்தரைக்கு வெளியே வந்து போனைப் பார்த்தால் பதினேழு மிஸ்டு கால். பக்கத்து வீட்டு அக்கா போய்ப் பையனைக் கூட்டி வந்திருந்தார்.

ரீல்ஸ் பார்க்கிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. பக்கத்து மெஷின்காரி போன் பார்த்தால் பீஸ் என் தலையில்தான் தேங்கும். ஆனால் போனை வாங்கி வைக்கிற கம்பெனி, அவசரம் என்றால் என்னை வந்து கூப்பிடப் பொறுப்பாக ஒரு ஆள் வைக்கட்டும். அது இல்லாததால்தான் ஆளுக்கு ரெண்டு போன் கொண்டுவருகிறோம். காங்கயத்து அண்ணன் கோபப்பட வேண்டாம், பழைய செட்டைப் பெட்டியில் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

மென்பொருள்மன்னன்:

எங்கள் கம்பெனியில் போனில் ஒரு ஆப் போடச் சொல்கிறார்கள். அதைப் போட்டால்தான் ஆபீஸ் மெயில் வரும். கேமராவைக்கூட அதை வைத்து முடக்கலாமாம். அது மாதிரி ஒன்றை 140 பேருக்கும் போட்டுவிட்டால் பெட்டியே தேவையில்லையே? என் கேள்வி என்னவென்றால், நான் வேலையை விடும்போது அந்த ஆப் என் போட்டோக்களையும் அழித்துவிடுமா?

பேட்லாக்பாண்டி:

மன்னன் சார், இங்கே பாதிப் பேரிடம் இருப்பது ஆறாயிரம் ரூபாய் போன், அதுவும் வீட்டுக்காரர் பெயரில். அதில் கம்பெனி ஆப் எல்லாம் நடக்காது. உங்கள் கேள்விக்குத் தனி இழை போடுங்கள்.

நான் லைன் சூப்பர்வைசர். சரசு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போனை உள்ளே கொண்டுவந்ததே நாங்கள்தான். "இன்று ஒன்றரை ஷிப்ட்", "நாளை லீவு, ஞாயிறு வேலை", "3-ஆம் லைன் சைஸ் மாற்றம்" எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. பார்க்காதவனை "குரூப்பைப் பார்க்க மாட்டாயா?" என்று திட்டுவதும் நாங்களே. காலையில் வராத ஆளுக்குப் பதில் ஆள் பிடிக்க, உட்கார்ந்திருக்கும் டெய்லரிடம் "உன் அக்காவுக்கு ஒரு போன் போடு" என்று நானே சொல்லியிருக்கிறேன். இதை நிறுத்தாமல் போன் கூடாது என்றால் அந்த நோட்டீஸை ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

இன்னொன்று. போன் என்று மொத்தமாகப் பேசாதீர்கள். தையல் லைனில் ஒருவர் ரெண்டு நிமிடம் பேசினால் பீஸ் தேங்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம்: அவர் மெஷினுக்கு முன்னால் கட்டு ஏறும், அடுத்த மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டிங்கில் கதையே வேறு. அடுக்கி வைத்த துணியில் கத்தி மெஷின் தள்ளுகிறவன் ஒரு கையில் இரும்பு வலைக் கையுறை போட்டிருப்பான், இன்னொரு கை கைப்பிடியில். இடுப்பில் போன் அதிர்ந்தால் கண் கீழே போகும். ஒரு நொடி போதும். அயர்னிங்கில் நீராவிச் சத்தத்தோடு காதில் பாட்டும் சேர்ந்தால் தீ அலாரம் கேட்காது. எங்கள் இடத்தில் தீ ஒத்திகை நடந்தபோது எல்லோரும் வெளியே போன பிறகும் ரெண்டு பேர் தேய்த்துக்கொண்டே நின்றார்கள். காதில் வயர் தெரியவே இல்லை, குட்டி இயர்பட்ஸ்.

என்னைக் கேட்டால் இயர்போனுக்கு முழுத் தடை, கட்டிங்கிலும் பாய்லர் பக்கமும் போனுக்கு முழுத் தடை. மற்ற இடத்தில் சைலண்டில் பைக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

குமாஸ்தா77:

பைக்குள் இருந்தால் எடுக்கத்தான் செய்வார்கள். எங்கள் டிராயர் அனுபவம் அதுதான். பெட்டிதான் சரி.

தணிக்கைத்தம்பி:

பையர்களுக்காக கம்பெனிகளில் சமூகப் பொறுப்பு ஆடிட் செய்கிறவன். நூல்கண்டு, உங்கள் வரைவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அபராதம் இல்லை, விடுதி வரி.

வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில் போனை வாங்கி வைத்து, இடைவேளையில் கொடுத்தால் ஆடிட்டில் பெரும்பாலும் பிரச்சினை வராது. டோக்கன் உண்டா, அவசரத்துக்கு வழி என்ன என்று கேட்போம், அவ்வளவுதான். ஆனால் வேலை முடிந்த பிறகு விடுதியில் போனை வாங்கி வைத்தால் அது ஒழுங்குமுறைக் கணக்கில் வராது. கட்டாய உழைப்புக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளில் ஆட்களைத் தனிமைப்படுத்துவதும் ஒன்று. வெளியூர்ப் பெண், மொழி தெரியாத ஊர், கம்பெனி விடுதி, அதோடு ராத்திரி போனும் இல்லை என்றால் ஆடிட்டர் வேறு எதையும் பார்க்கும் முன் அதை எழுதுவார். தமிழ்நாட்டு மில் விடுதிகளில் போன் கட்டுப்பாடு பற்றி ஏற்கெனவே எவ்வளவு புகார் வந்திருக்கிறது என்பது பையர்களுக்கும் தெரியும். ஆர்டரே போகும் விஷயம். அந்த வரியை இன்றே அடியுங்கள்.

அடுத்தது நாலாவது பத்தி. உங்களுக்குத் தேவை சாம்பிள், லேபிள், பையர் பெயர் வெளியே போகக் கூடாது என்பது. எழுதியிருப்பதோ கம்பெனி பற்றி எதுவும் பேசக் கூடாது என்று. நாளைக்கு ஒரு பெண் "இந்த வாரம் சம்பளம் வரவில்லை" என்று ஸ்டேட்டஸ் போட்டால், அல்லது மேஸ்திரி தப்பாக நடந்ததை ரெக்கார்டு செய்து புகாரோடு கொடுத்தால், இந்த நோட்டீஸைக் காட்டித் தண்டிப்பீர்களா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகக் குழு வைத்திருக்க வேண்டிய இடம் உங்களுடையது. புகார் சொல்பவர் வாயை அடைப்பதாக இந்த வரி படிக்கப்படும். எதைப் படம் எடுக்கக் கூடாது, எங்கே எடுக்கக் கூடாது என்று மட்டும் எழுதுங்கள்: சாம்பிள் அறை, கட்டிங் மேசை, லேபிள் தைக்கும் லைன், பேக்கிங். கூடவே உடன் வேலை செய்பவரை அவர் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்றும் சேருங்கள். அதைப் பெண்களே கேட்பார்கள்.

ரீல்ஸ் எடுத்த பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடைவேளையில்தான் எடுத்திருக்கிறார். இடைவேளையில் சாம்பிள் ஏன் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கியது? பையர் உங்களிடம் கேட்கப்போகும் அடுத்த கேள்வி அதுதான். கேன்டீன் சுவர் ஓரம் ஒரு இடத்தைக் காட்டி "இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே லைனில் படம் எடுப்பது குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காங்கயம்காளை:

தம்பி, பையர் விலையைக் குறைப்பான், நாங்கள் ரீல்ஸ் எடுக்க சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நல்ல நியாயம்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி. விடுதி வரியை அடித்துவிட்டேன். முதலாளியும் 'ஆர்டர் போகும்' என்றதும் ஒன்றும் பேசவில்லை. 108 ரூபாய்க் கணக்கைக் காட்டினேன், கால்குலேட்டரில் ரெண்டு முறை போட்டுப் பார்த்தார். அபராதமே வேண்டாம் என்று இறங்கிவிட்டார். ஆனால் "அப்போ மூன்றாம் முறை வேலை நீக்கம் கண்டிப்பாக இருக்கட்டும், போனை வாங்கிப் பார்க்கும் உரிமையும் வேண்டும்" என்கிறார். அது செல்லுமா? திங்கட்கிழமை ஒட்டலாமா?

பழையகோப்பு:

திங்கட்கிழமை ஒட்டலாம், ஆனால் அன்றே அமலுக்குக் கொண்டுவர முடியாது. புதிய ஒழுங்கு விதி கொண்டுவருவது பணி நிலைமை மாற்றம். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 40-ஆம் பிரிவாக அதே விஷயம் இருக்கிறது. நிலையாணை, அதாவது கம்பெனியின் வேலை விதிகளை எழுதி அதிகாரியிடம் சான்று வாங்கிய ஆவணம், இருந்து அதில் ஏற்கெனவே இந்த விதி இருந்தால் தனிக்கதை. உங்கள் நிலைமையில் ஒரு சிக்கல்: 100 பேர் இருந்தால் நிலையாணை வேண்டும் என்பது பழைய 1946 சட்டம். புதிய தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. 140 பேர் உள்ள நீங்கள் பழையதில் உள்ளே, புதியதில் வெளியே. ஏற்கெனவே சான்று பெற்ற நிலையாணை உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் அலமாரியைப் பாருங்கள். இருந்தால் என்னிடம் அல்ல, உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

அந்த 21 நாளை வீண் என்று நினைக்காதீர்கள். ஃபைலில் தூங்கும் ஒர்க்ஸ் கமிட்டியைக் கூட்டி, வரைவை வாசித்து, அவர்கள் சொல்வதை மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒடியா, இந்தியில் மொழிபெயர்த்து விடுதியிலும் ஒட்டுங்கள். பின்னால் ஒருவர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அதிகாரி முன்னால் நிற்கப்போவது அந்த மினிட்ஸ்தான்.

'மூன்றாம் முறை தானாக வேலை நீக்கம்' நிற்காது. போன் வைத்திருந்ததைத் தனிக் குற்றமாகப் பார்க்காமல், நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் மீறியதாகப் பார்க்க வேண்டும். அதற்கும் குற்றச்சாட்டுக் கடிதம், அவர் பதில், விசாரணை என்று போக வேண்டும். முடிவில் தண்டனை குற்றத்தின் அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எட்டு வருஷம் வேலை பார்த்த டெய்லரை மூன்று முறை போன் எடுத்ததற்கு நீக்கினால் நிற்பது கஷ்டம். கட்டிங்கில் எழுத்து மூலம் எச்சரித்தும் இயர்பட்ஸோடு கத்தி மெஷினில் நின்றவர் என்றால் வழக்கின் நிறமே மாறும். அதனால் நோட்டீஸில் "எச்சரிக்கை, பிறகு விளக்கக் கடிதம், பிறகு விசாரணைக்கு உட்பட்டு ஒழுங்கு நடவடிக்கை" என்று நிறுத்துங்கள்.

போனை வாங்கிப் பார்ப்பதை மறந்துவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியாயிற்று. அது அரசுக்கு எதிரான வழக்கு, உங்களுக்கு நேராகப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஒரு பெண்ணின் போனில் கேலரியைத் திறந்து பார்த்த சூப்பர்வைசர் மேல் நாளை என்ன புகார் வரும் என்று மட்டும் யோசியுங்கள். படம் எடுத்ததாகச் சந்தேகம் என்றால், அவர் சம்மதத்தோடு, கமிட்டியில் ஒரு பெண் உறுப்பினர் முன்னால், அவரே திறந்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லலாம். மறுத்தால் மறுத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பறிக்காதீர்கள்.

பேட்லாக்பாண்டி:

அய்யா சொல்வது காகிதத்தில் சரி. லைனில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கடிதம் எழுத சூப்பர்வைசருக்கு நேரம் எங்கே? தேதி, பெயர், இடம், என்ன நடந்தது, கையெழுத்து என்று ஒரு நோட்டு போட்டு லைனில் தொங்க விடுங்கள். அதுவே நடந்தால் பெரிய விஷயம். பிடித்த ஆளை மட்டும் எழுதி, வேண்டிய ஆளை விட்டுவிடுவார்கள் என்ற பேச்சு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நூல்கண்டு:

நேற்று கமிட்டியைக் கூட்டினேன். ஃபைலில் பேர் இருந்தவர்களில் ரெண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். புதிதாக ஆள் சேர்த்து உட்கார்ந்தோம். இப்போது இப்படி வந்து நிற்கிறது:

> கட்டிங், அயர்னிங், பாய்லர் பகுதிகளில் வேலை நேரத்தில் போனும் இயர்போனும் கூடாது. எல்லாப் பகுதியிலும் இயர்போன் கூடாது.
> மற்ற பகுதிகளில் போனைப் பகுதியின் லாக்கரில் வைத்து டோக்கன் பெற வேண்டும். டீ, சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாம். லாக்கரில் இருக்கும்போது சேதமானால் நிர்வாகம் பொறுப்பு.
> அவசர அழைப்புக்கு ஆபீஸ் எண். அழைப்பு வந்தால் பெயர், லைன் எண், நேரம் குறித்து உடனே ஆளை அழைத்து வர வேண்டும்.
> சாம்பிள், லேபிள், பேக்கிங் பகுதிகளிலும், சம்மதமில்லாமல் பிறரையும் படம், வீடியோ எடுக்கக் கூடாது. சம்பளம், பாதுகாப்பு, துன்புறுத்தல் குறித்துப் புகார் செய்வதை இது தடுக்காது.
> ஓவர்டைம், லீவு அறிவிப்புகள் வேலை நேரத்தில் போர்டில் எழுதப்படும்.
> மீறினால் எச்சரிக்கை, விளக்கக் கடிதம், விசாரணைக்கு உட்பட்ட நடவடிக்கை. அபராதம் இல்லை.

லாக்கர் கேட்டில் இல்லாமல் லைனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டது கமிட்டியில் இருந்த பெண்கள். பழைய செட்டுப் பிரச்சினை பற்றி நேராகவே கேட்டேன். "பக்கத்தில் இருந்தால், சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தால், நல்ல போனையே வைப்போம்" என்றார்கள். பார்ப்போம்.

முதலாளி ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. ஆபீஸ் ஆட்களுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் இந்த விதி உண்டா என்று கமிட்டி கேட்டது. மெர்ச்சண்டைசர் பையரோடு வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார், அவரிடம் எப்படி வாங்குவது? ஆனால் அவரும் நடுவில் கிரிக்கெட் பார்க்கிறார் என்பது கண்ணாடிக் கதவு வழியாக லைனுக்கே தெரிகிறது.

தணிக்கைத்தம்பி:

கம்பெனி வேலைக்கு கம்பெனியே ஒரு போன் வாங்கிக் கொடுத்து, சொந்தப் போனை அவரும் லாக்கரில் வைக்கட்டும். சாம்பிள் படங்கள் அவருடைய சொந்த போனில் கிடப்பது, செக்கிங் பெண்ணின் ரீல்ஸை விடப் பெரிய ஓட்டை. அவர் வேலை மாறினால் மொத்த சீசனும் அவர் பாக்கெட்டில் போகும்.

காங்கயம்காளை:

அதையும் முதலாளி காசில்தான் வாங்க வேண்டும், இல்லையா? நான் என் 100 ரூபாயோடு நிற்கிறேன். என்னிடம் இருப்பது 25 மெஷின், ஆடிட்டும் கிடையாது.

பழையகோப்பு:

ஆடிட் கிடையாது, சரி. சட்டம் உண்டு. ஒரு பதிவேடாவது போடுங்கள் காளை.

ஓவர்லாக்_சரசு:

நூல்கண்டு அண்ணா, லாக்கர் நல்லது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆபீஸ் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் எட்டரை வரை ஓடும். ஆறு மணிக்கு மேல் அந்த அவசர நம்பரை யார் எடுப்பார்கள்? பிள்ளைகள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வருகிற நேரமே அதுதான்.

நூல்கண்டு:

அதை யாரும் யோசிக்கவில்லை அக்கா. வாட்ச்மேன் கேபினுக்கு லைன் இழுக்கலாம். ஆனால் அவர் கேட்டை விட்டு உள்ளே வர முடியாது. எட்டரை வரை இருக்கிற சூப்பர்வைசரிடம் ஒரு கம்பெனி போன் கொடுத்து அந்த நம்பரையே நோட்டீஸில் போடலாமா என்று கேட்கிறேன். முன்னறிவிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த வரியைச் சேர்க்க வேண்டும். பாண்டி, உங்கள் இடத்தில் ராத்திரி ஷிப்டில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?